விசிறி சூடாக்குமா?

திசு வாழைக் கன்றுகள் பக்குவப்படும் பசுமைக்குடிலில் 35 டிகிரி தொட்ட பிறகு விசிறியைப் போட்டால், வெப்பம் இறங்குவதற்குள் இளம் இலை துவண்டுவிடும். பத்து நிமிடத்துக்கு முன்பே ஏற்றத்தைக் கணிப்பதுதான் வேலை. உணரிகளும் ஈஎஸ்பி32 போர்டும் சென்ற வாரமே பொருத்தியாயிற்று.

போர்டில் ஓட ஒரே சமன்பாடு போதும்:

```
T[k+1] = 0.8*T[k] + 0.2*To[k] + 0.002*S[k]
         - 0.6*F[k]*(T[k]-To[k])
```

T உள்வெப்பம், To வெளிவெப்பம், S சதுர மீட்டருக்கு வாட் கணக்கில் வெயில், F விசிறி ஓடினால் 1, நின்றால் 0. கெழுக்கள் ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு குடிலுக்கும் அதன் பதிவுகளிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே 34, வெளியே 32, வெயில் 800 என்றால் விசிறியின்றி அடுத்த பத்து நிமிடத்தில் 35.2, விசிறியோடு 34. முதல் விடை 35-ஐத் தாண்டுவதால் போர்டு இப்போதே ரிலேயை இயக்கும். உள்ளும் வெளியும் சமமானால் விசிறியின் பங்கு பூஜ்யம். வெளிக்காற்றை இழுத்து விடுவது மட்டுமே அதன் வேலை என்பதால் இது சரிதான்.

இந்தக் கெழுக்களைத் தேடும்போதுதான் அருமையான விபரீதம் ஒன்று வெளிப்படும். பழைய பதிவுகளில் விசிறி, 34 டிகிரிக்கு மேல் ஓடும்படி தெர்மோஸ்டாட்டுடன் கட்டப்பட்டிருக்கும். அதாவது வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் வேளைகளில்தான் அது ஓடியிருக்கும். அந்தப் பதிவை அப்படியே பொருத்தினால், விசிறி ஓடுவதால்தான் குடில் சூடாகிறது என்று கணக்கு சொல்லிவிடக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால், வழக்கமான சோதனையில் கணிப்பின் பிழை சிறிதாகவே இருக்கும். பதிவில் இருந்த அதே பழக்கம் சோதனை நாட்களிலும் தொடர்வதுதான் காரணம். கட்டுப்பாட்டை மாதிரியின் கையில் கொடுத்ததும் உச்சி வெயிலில் விசிறி நின்றுபோகும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மற்ற எண்களை மாற்றாமல் F-ஐ மட்டும் 0-விலிருந்து 1-ஆக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும்போதும் கணிப்பு உயர்ந்தால் மாதிரி பொய் சொல்கிறது.

மருந்து, விசிறியை வெப்பத்தோடு தொடர்பில்லாமல் ஓட்டுவதே. கன்றுக்குத் தீங்கில்லாத 30 முதல் 33 டிகிரிக்குள், ஒவ்வொரு பத்து நிமிடமும் போர்டு நாணயம் சுண்டுவதுபோல் விசிறியைப் போடவோ நிறுத்தவோ வேண்டும். 33-ஐத் தாண்டினால் பழைய தெர்மோஸ்டாட் விதி திரும்பும். வெயில் நாளும் மேகமூட்ட நாளும் கலந்து கிடைக்கும்வரை இது தொடர வேண்டும்.

குடில் இருக்கும் அல்லிநகரத்தில் இன்னொரு சிக்கல், காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூனில் குடிலின் பக்கவலை வழியாகவும் புகும். விசிறி நிற்கும்போதே காற்றோட்டம் கூடிவிடுவதால் மே மாதக் கெழுக்கள் அப்போது பொருந்தாது. புதிதாகப் பொருத்த வேண்டும்.

மிஸ்ட் தெளிப்புக்கு இந்த வாரம் இடம் போதவில்லை. அதற்கு ஈரப்பதமும் கணக்கில் சேர வேண்டும். 35 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதமானால் ஆவியாதலால் ஏறக்குறைய 24 டிகிரி வரை குளிர்விக்க இடமுண்டு. 80 சதவீதமானால் ஏறக்குறைய 32-க்குக் கீழே இறங்காது. அந்த எல்லையைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவருவது அடுத்த வாரம்.