33 வயதில் முதல் சந்திப்பு

என் தோழிக்கு 33 வயது. கல்லூரி முடிக்கும்போது அப்பா தவறிவிட்டார். தம்பிகள் இருவரையும் படிக்கவைத்து நிமிர்ந்தபோது முப்பது தாண்டியிருந்தது. சென்னையில் வங்கி வேலை. சென்ற ஆண்டு, டேட்டிங் செயலி வழியே அறிமுகமான ஒருவரைத் தனியாகச் சந்திக்க முடிவெடுத்தாள். வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. முந்தைய நாள் இரவு போன் செய்தாள். "இதுவரைக்கும் நான் யாரோடயும் பழகினதே இல்லைன்னு தெரிஞ்சா அவர் என்னடி நினைப்பார்?"

இருபதுகளில் பழகியவர்கள் கற்றது என்ன? புதியவரிடம் பேசுவது, வேண்டியதைச் சொல்வது, மறுப்பைத் தாங்குவது. இவை அவள் வங்கிக் கவுன்ட்டரில் தினமும் செய்கிறவைதான். அவளுக்குத் தெரியாதது வேகம் ஒன்றுதான். காரணம், நாம் கண்டு வளர்ந்தது பெண் பார்க்கும் சடங்கை. சொஜ்ஜி, பஜ்ஜி முடிந்து வந்தவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், முதல் சந்திப்பிலேயே ஆயுளுக்கும் சரிப்படுவாரா என்று எடைபோடத் தொடங்குகிறோம். டேட்டிங்கில் முதல் சந்திப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி சின்னது: இன்னொரு முறை பார்க்கலாமா?

அதற்கேற்ப ஏற்பாட்டையும் சிறியதாக வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி, ஆள் நடமாட்டம் உள்ள காபிக் கடை, ஒரு மணி நேரம். இடத்தைத் தம்பியிடம் சொல்லிவிட்டு, தன் ஸ்கூட்டரில் போனாள். இரவுச் சாப்பாடு என்றால் பிடிக்காவிட்டாலும் நடுவில் எழ முடியாது. காபி என்றால் முடியும்.

கேள்விகளை எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். முதல் இருபது நிமிடம் நேர்முகத் தேர்வு போலவே போனது. பிறகு அவர், பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பேன் என்றார். பட்டியலை மறந்து, "முதல்ல யாரோட ரேடியோவைப் பிரிச்சீங்க?" என்று கேட்டாள். தூத்துக்குடியில் தாத்தா வைத்திருந்த ரேடியோவின் கதை வந்தது. பேச்சு இளகியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. சில நிமிடச் சந்திப்புகளில், எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டவர்களுக்கே மறுபடி சந்திக்கச் சம்மதம் அதிகம் கிடைத்தது.

வீடு திரும்பியதும், சொதப்பிவிட்டேன் என்று அழாத குறை. அன்றிரவுத் தீர்ப்பை நம்பக் கூடாது. முன்பின் தெரியாத இருவர் பேசிப் பிரிந்தபின், தன்னை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுநாள் செய்தி அனுப்பினாள்: "நேத்து பேசினது நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் பார்க்கலாமா?" வரலாம் என்றார்.

மூன்றாம் சந்திப்பில், நின்றுபோன தன் நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டார். "வீட்டுப் பொறுப்பு இருந்துச்சு. நான் யாரோடயும் பழகினதில்லை. அதனால கொஞ்சம் மெதுவாப் போனா எனக்கு நல்லது" என்றாள். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லியிருந்தால், அவர் ஆறுதல் சொல்ல வேண்டிவந்திருக்கும். இப்படிச் சொன்னதால், தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. "சரி, நீங்க சொல்ற வேகத்துலயே போகலாம்" என்றார். இதைக் கேட்டுச் சிரிப்பவரும், இதையே சாக்காக வைத்து அவசரப்படுத்துபவரும் தாங்கள் யார் என்பதை அங்கேயே காட்டிவிடுவார்கள்.

அவசரம் நமக்குள்ளிருந்தும் வரும். முதலில் அன்பு காட்டியவரை விட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் அது. இரண்டாவது வாரத்திலேயே மண்டபம் மனதில் ஓடுவதும், அவருக்காகத் தோழிகளைத் தவிர்ப்பதும் அதன் அறிகுறிகள். அந்தப் பயத்தை மோசடிக்காரர்களும் அறிவார்கள். நேரில் பார்க்காமலே காதலைக் கொட்டி, வீடியோ அழைப்பைத் தட்டிக்கழித்து, பிறகு பணமோ முதலீடோ கேட்டால் பேச்சை நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

ஐந்தாவது மாதத்தில் இருவரும் பிரிந்தார்கள். அவர் தூத்துக்குடிக்கே திரும்ப விரும்பினார். அவளால் சென்னையை விட முடியாது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள்: "ஒரு மணி நேரம் பார்த்துச் சரின்னு தலையாட்டியிருந்தா, இதைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சிருப்பேன்."