பெரியம்மாவின் கண் எங்கே இருக்க வேண்டும்?

கைபேசியில் வீட்டு ஆட்களைப் படம் எடுக்கும்போது நம்மில் பெரும்பாலோர் முகத்தைத் திரையின் நட்டநடுவில் வைத்துத்தான் எடுக்கிறோம். முகம் தெளிவாக விழவேண்டும் என்ற கவலை. அதனால் தலைக்கு மேலே பாதிப் படம் வெறும் சுவராகவும் கூரையாகவும் போய்விடுகிறது. எடுத்து முடித்த பிறகும் இதைச் சரிசெய்ய வழி உண்டு. கைபேசியிலேயே இருக்கும் ‘கிராப்’ வசதி போதும்.

கிராப் சட்டத்தின் மூலையை விரலால் இழுத்தால், படத்தின் மேல் நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு என நான்கு கோடுகள் தோன்றும். அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் இவை. படத்தின் முக்கியமான பொருளை நடுவில் வைக்காமல் இந்தக் கோடுகளின் மேலோ, அவை வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் ஒன்றிலோ வைப்பதுதான் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி. கேமரா பிறப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக இதை எழுதி வைத்தார்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறார். இடப்பக்கம் கீழ்ப்படியில் பேத்தி, முறத்தில் கைவிட்டபடி. பெரியம்மா அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். வலது ஓரத்தில் பாதி ஸ்கூட்டர், மேலே ஓடும் மின்சார மீட்டர் பெட்டியும். படம் 4000 பிக்சல் அகலம், 3000 உயரம். பெரியம்மாவின் கண்கள் சரியாக நடுவில்.

முதல் வேலை, சாய்வை நிமிர்த்துவது. திண்ணைத் தூண் லேசாகச் சாய்ந்திருக்கிறது. படத்தைத் திருப்பினால் ஓரங்கள் கொஞ்சம் போகும் என்பதால் இதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். அடுத்து, சட்டத்தை 3:2 என்ற விகிதத்தில் பூட்டுங்கள். கைபேசிப் படம் பெரும்பாலும் 4:3. ஸ்டூடியோவில் போடும் 4க்கு 6 பிரிண்ட் 3:2. நாம் வெட்டாவிட்டால் பிரிண்ட் போடும் இயந்திரம் மேலும் கீழும் தானாக வெட்டிவிடும்.

இனி சட்டத்தைச் சுருக்கி நகர்த்துவோம். பெரியம்மாவின் கண்கள் மேல்கோடும் வலக்கோடும் சேரும் புள்ளிக்கு வரவேண்டும். ஏன் வலப்பக்கம்? அவர் பார்ப்பது இடப்பக்கம். பார்வை போகும் திசையில் இடம் விட்டால்தான் அந்தப் பார்வை பேத்தியிடம் போய்ச் சேரும். இடக்கோட்டில் வைத்தால் முகம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்கூட்டர் தாராளமாக இடம்பிடிக்கும்.

2400க்கு 1600 பிக்சல் அளவில் சட்டம் நின்றது. வலப்புறம் 1200 பிக்சல் போனது, அதோடு ஸ்கூட்டரும். மேலே ஏறத்தாழ 970 பிக்சல் போனதில் மீட்டர் பெட்டி மறைந்தது. இடப்புறமும் கீழேயும் சுமார் 400தான். பேத்தியின் முகம் இப்போது கீழ் இடது புள்ளிக்கு அருகில். சாய்ந்த கோட்டில் ஒருவரையொருவர் பார்க்கும் இரண்டு முகங்கள், நடுவில் முறம். மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. ஆனால் பார்க்கவேண்டிய எல்லாம் அதற்குள் இருக்கிறது.

எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 6 அங்குல நீளப் பிரிண்ட் கூர்மையாக வர 1800 பிக்சல் வேண்டும். நம் படத்தில் அது இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் வரும்போதே சுருங்கியிருக்கும். அதைப் பாதியாக வெட்டினால் முகம் மெழுகு பூசியதுபோல் குழைந்துவிடும். எடுத்தவரிடம் கேட்டு, மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று: சட்டத்தின் விளிம்பு மணிக்கட்டிலோ முழங்காலிலோ கணுக்காலிலோ விழக்கூடாது. உறுப்பு துண்டானதுபோல் தெரியும். கொஞ்சம் மேலோ கீழோ தள்ளுங்கள்.

கல்யாணக் குழுப் படத்தில் மணமக்களைப் பக்கவாட்டில் நகர்த்தப் போனால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவார். அங்கே முகங்களின் வரிசையை மேல்கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். வாசற்கதவுக்கு நேர்நடுவில் கோலம், அதன் பின்னால் ஒரு குழந்தை என்று இருபுறமும் ஒத்திருக்கும் படத்தில் நடுவே இருப்பதுதான் அழகு, அதைத் தொடவேண்டாம்.

வெட்டிய படத்தை எப்போதும் தனி நகலாகவே சேமியுங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள். இன்று இடைஞ்சலாகத் தெரியும் அந்த ஸ்கூட்டரை, நாளை அந்த வீட்டுப் பிள்ளைகளே தேடக்கூடும்.