பதினொரு மாத வீட்டுக்கு ஒரு பாட்டு

டெல்லியில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே இந்தக் கணக்கு. இருமுறை புதுப்பித்த மாடி வீட்டைக் காலி செய்து, மாற்றலில் புனேக்குப் புறப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தில், இரு பிள்ளைகளுக்காகத் தாய் எழுதிக் கொடுத்தது இது:

முப்பத்து மூன்று மாதம் இருந்தோம், வீடே,
ஒரு சாண் வளர்ந்தோம் உன் கதவோரம்.
கோடையில் கூலர் சத்தம் தாலாட்டு,
குளிரில் பால்கனி வெயில் போர்வை.
அடுத்து வரும் பிள்ளையே,
மூன்றாம் படி ஆடும், பார்த்து ஏறு.

வெறும் நன்றி எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஆடும் படி இந்த வீட்டுக்கு மட்டுமே. பிரிவை நினைத்து அழுத சின்னவள், அந்தக் கடைசி வரியைத் தானே எழுதுவேன் என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாளாம்.

எழுதிய இடம் சுவர் அலமாரியின் உட்புறம், குழந்தையின் கண்மட்டத்தில். பென்சில் என்றால் ரப்பரால் அழித்துவிடலாம். பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா மையோ புதுப் பெயின்ட்டுக்கு மேலும் கசிந்து தெரியும். வீட்டுக்காரர் அந்தச் செலவை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். எனவே அவரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.