காதல் கேள்விக்கு டாரோ கார்டு... பட்டியலை மூடிவையுங்கள், படத்தைப் பாருங்கள்!

'அவர் மனசுல நான் இருக்கேனா?', 'கல்யாணம் வரைக்கும் போகுமா?', 'பிரிஞ்சு போனவர் திரும்பி வருவாரா?' டாரோ கார்டைக் கையில் எடுக்கும் பலருக்கும் முதலில் வாயில் வருவது இந்த மாதிரி கேள்விதான். கார்டை வாங்கியவுடன் அடுத்து நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தைப் பிரித்து, 78 கார்டுகளுக்கும் அர்த்தத்தை மனப்பாடம் செய்ய உட்காருவார்கள். நேராக ஓர் அர்த்தம், தலைகீழாக வந்தால் இன்னோர் அர்த்தம் என்று 156 வரிகள். பத்தாவது கார்டுக்குள் முதல் கார்டு மறந்துபோகும்.

இதற்கு வேறொரு வழி இருக்கிறது. அர்த்தத்தை நெட்டுரு போடாமல், கார்டில் இருக்கும் படத்தைப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்வது. இன்று பரவலாக விற்கும் டாரோ கட்டின் படங்களே அப்படிப் பார்ப்பதற்கு வசதியாக வரையப்பட்டவை.

பட்டியல் எங்கிருந்து வந்தது?

டாரோ 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டு விளையாட்டாகத்தான் தொடங்கியது. அது குறி பார்க்கும் பொருளாகப் பிரபலமானது 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்ஸில். எத்தெய்யா என்ற புனைபெயரில் எழுதியவர் ஒவ்வொரு கார்டுக்கும் நேர் அர்த்தம், தலைகீழ் அர்த்தம் என்று வகுத்து, அந்தச் சொற்களைக் கார்டிலேயே அச்சிட்டார். அன்றைய சாதாரண டாரோ கட்டில் 'ஐந்து கோப்பை' என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே இருக்கும். நம் ரம்மி சீட்டில் ஐந்து ஹார்ட்டின் இருப்பதுபோல. அதைப் பார்த்து என்ன கதை சொல்ல முடியும்? பட்டியல் தேவைப்பட்டது.

1909-ல் இது மாறியது. லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்ற எழுத்தாளர் கேட்டுக்கொண்டதால் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் ஒரு முழு டாரோ கட்டை வரைந்தார். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தவர், அந்த ஊர் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டவர், நாடகக் குழுவோடு வேலை பார்த்தவர். எண் கார்டுகளுக்கும் அவர் மனிதர்களை வைத்து ஒரு காட்சி வரைந்தார். ஐந்து கோப்பை இப்போது கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவரின் கதை ஆனது. பல கார்டுகள் நாடக மேடையில் ஒரு கணம் உறைந்து நின்றதுபோல இருக்கும். இவ்வளவு பெரிய வேலைக்கு மிகக் குறைந்த பணமே கிடைத்ததாக அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 'ரைடர் வெய்ட்' என்று பதிப்பாளர் பெயரும் எழுத்தாளர் பெயரும் சேர்ந்து பிரபலமான அந்தக் கட்டை இப்போது பலர் ஸ்மித்தின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

படத்தைப் பார்த்துப் பலன் சொல்வது நமக்கும் புதிதல்ல. கிளி ஜோசியத்தில் கிளி அலகால் இழுத்துப் போடும் அட்டையில் சாமி படம் இருக்கும். மீனாட்சி கல்யாணம் வந்தால் ஒரு கதை, வனவாசம் போகும் ராமர் வந்தால் ஒரு கதை. அந்தக் கதையை எதிரில் இருப்பவரின் வாழ்க்கையோடு சேர்ப்பதுதான் ஜோசியரின் திறமை.

முதலில் கண், பிறகு வாய்

டாரோ பற்றிப் பல நூல்கள் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மேரி கிரியர், ஒரு கார்டைப் படிக்க 21 வழிகளைச் சொல்லும் புத்தகம் வெளியிட்டிருக்கிறார். அதில் ஆரம்பத்திலேயே வருவது, படத்தில் இருப்பதை இருப்பதுபோலவே வாய்விட்டுச் சொல்வது. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். 'ஒருத்தர் சோகமா நிக்கிறார்' என்பது வர்ணனை இல்லை, அது ஏற்கெனவே முடிவு. 'ஒருத்தர் கறுப்புப் போர்வை போர்த்தித் தலையைக் குனிந்து நிற்கிறார்' என்பதே வர்ணனை.

புதிதாகப் பழகுபவர்கள் ஒரு நாளைக்கு ஒரு கார்டு எடுத்தால் போதும். நேராக வைத்தே பழகலாம். தலைகீழ் அர்த்தங்கள் பிறகு. கார்டின் பெயரைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு நான்கு விஷயங்களை எழுதுங்கள். படத்தில் என்னென்ன இருக்கின்றன? ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார், கை என்ன செய்கிறது? அவர் பார்க்காமல் விட்டது எது? அடுத்த நிமிடம் இங்கே என்ன நடக்கும்? இந்த நான்குக்கும் பதில் எழுதிய பிறகுதான் உங்கள் கேள்வியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். புத்தகத்தைக் கடைசியில் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

'உள்ளுணர்வு' என்று சொல்வது இங்கே மந்திரம் எதுவும் இல்லை. படத்தில் பத்து விஷயங்கள் இருக்கும்போது உங்கள் கண் எதில் போய் முதலில் நின்றது என்பதுதான் அது. அது ஏன் அங்கே நின்றது என்று கேட்டுப் பார்த்தால், மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் வெளியே வரும்.

வண்டலூர் பெண்ணும் மூன்று கார்டுகளும்

ஓர் உதாரணத்துக்கு, வண்டலூரில் பெற்றோருடன் இருக்கும் 26 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் வேலை. இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறார். அவர் வேலை மாறி பெங்களூரு போய்விட்டார். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் 'அடுத்த தடவை வந்து வீட்டுல பேசறேன்' என்கிறார். இன்னும் பேசவில்லை. இங்கே வீட்டிலோ வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவருடைய கேள்வி, 'அவர் என்னைக் கல்யாணம் பண்ணிப்பாரா?' இந்தக் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு பதில்தான் உண்டு. எந்தப் படமும் அதைச் சொல்லாது. அதனால் கேள்வியை மாற்றுகிறார். 'நான் இப்போ என்ன செய்றேன்? எங்களுக்கு நடுவுல என்ன நடக்குது? நான் எதைக் கவனிக்கணும்?' மூன்று கேள்விகள், இடமிருந்து வலமாக மூன்று கார்டுகள். வந்தவை டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், நைட் ஆஃப் கப்ஸ், ஃபைவ் ஆஃப் கப்ஸ். அதாவது இரண்டு வாள், கோப்பை ஏந்திய குதிரைவீரன், ஐந்து கோப்பை.

பட்டியலில் தேடினால் முதல் கார்டுக்கு 'முடிவெடுக்க முடியாத நிலை', இரண்டாவதுக்கு 'காதல் கோரிக்கை வருகிறது', மூன்றாவதுக்கு 'இழப்பு, வருத்தம்' என்று இருக்கும். வரன் கேட்டு வருவாரா, ஏமாற்றிவிடுவாரா? முன்பைவிடக் குழப்பம்தான் மிச்சம்.

இப்போது படத்தைப் பார்க்கலாம். முதல் கார்டில் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நெஞ்சுக்குக் குறுக்கே கைகளைக் கட்டி, இரண்டு வாள்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். பின்னால் கடல், அதில் பாறைகள். அவளை யாரும் கட்டிப்போடவில்லை. வாள்களைக் கீழே வைத்தால் கண்கட்டை அவளே அவிழ்க்கலாம்.

நடுக் கார்டில் ஒருவன் வெள்ளைக் குதிரையில் வருகிறான். கையில் கோப்பையை முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறான். ஆனால் குதிரை பாயவில்லை, ஒரு காலைத் தூக்கி நிதானமாக நடக்கிறது. எதிரே ஓர் ஓடை. அவன் இன்னும் அதைத் தாண்டவில்லை. கோப்பை அவன் கையிலேயே இருக்கிறது, யாரிடமும் கொடுக்கவில்லை.

மூன்றாவது கார்டில் கறுப்புப் போர்வைக்காரர். அவருக்கு முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவர் அதையே பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. தூரத்தில் ஓர் ஆறு, அதன் மேல் ஒரு பாலம், அக்கரையில் ஒரு வீடு.

பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு விஷயம் கண்ணில் படும். நடுக் கார்டிலும் தண்ணீர், மூன்றாவதிலும் தண்ணீர். குதிரைவீரன் நிற்கும் இடத்தில் பாலம் இல்லை. பாலம் அடுத்த கார்டில் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இது கிடைக்காது, ஏனென்றால் பட்டியல் ஒவ்வொரு கார்டையும் தனியாகத்தான் பேசும்.

இதிலிருந்து அந்தப் பெண் எழுதிக்கொள்வது இப்படி இருக்கலாம். 'அவர் வர்றார், ஆனா தண்ணிக்கு இந்தப் பக்கமே நிக்கிறார். நான் கண்ணைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். தாண்ட வழி இருக்கான்னு இதுவரைக்கும் நான் நேராக் கேட்டதே இல்லை.' அடுத்து செய்ய வேண்டியதும் அதில் இருக்கிறது. 'இந்த மாசத்துக்குள்ள எந்தத் தேதியில வீட்டுல பேசப் போறே?' என்று கேட்டு, பதிலைக் குறித்துவைப்பது.

எங்கே தவறு நடக்கும்?

அதே குதிரைவீரனைப் பார்த்து, 'கோப்பையில இருக்கறது சிந்திடக் கூடாதுன்னு மெதுவா வர்றார், என் மேல அவ்வளவு அக்கறை' என்றும் சொல்லலாம். அதுவும் படத்திலிருந்து வந்ததுதான். இரண்டில் எது சரி என்று கார்டு சொல்லாது. இரண்டு வருடமாக அவர் என்ன செய்தார் என்பதுதான் சொல்லும். படம் கேள்வியை எழுப்பும், பதிலை நடந்த விஷயங்களில்தான் தேட வேண்டும்.

ஆசையைப் படத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை உண்டு. நீங்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? 'அவர் என்னை நினைச்சு அழுவார்' என்று சொல்லிவிட்டு விரல் வைக்க இடம் இல்லையென்றால், அது உங்கள் மனதிலிருந்து வந்தது. கார்டை மூடிவைத்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பீர்கள்.

இன்னொரு சிக்கல், பிடிக்காத கார்டு வந்தால் மறுபடி குலுக்கி எடுப்பது. மூன்றாவது முறையில் இரண்டு பேர் கோப்பையோடு எதிரெதிரே நிற்கும் கார்டு வந்ததும் நிறுத்திவிட்டால், அங்கே பதில் சொன்னது கார்டு அல்ல. ஒரு கேள்விக்கு ஒரு தடவை, பிறகு நிலைமை மாறும் வரை அதே கேள்வி வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தவர் பார்த்துச் சொன்னது அப்படியே பொருந்துகிறதே என்று வியப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தன் மாணவர்களிடம் 'இது உங்கள் குணநலன்' என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கும் மேல் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! யாருக்கும் பொருந்தும் வரிகளை நாம் நமக்கே எழுதியதாக எடுத்துக்கொள்கிறோம். 'உங்களுக்கு ஒரு மாற்றம் வரப்போகிறது' என்ற பலனும் அந்த வகைதான்.

அதனால் நோட்டில் தேதி போட்டு எழுதுவது முக்கியம். அன்று எடுத்த கார்டு, படத்தில் பார்த்தது, அதிலிருந்து புரிந்தது, செய்யப்போவது என நான்கு வரி. 15 நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்பி, என்ன நடந்தது என்று ஐந்தாவது வரியாகச் சேர்க்க வேண்டும். சில மாதங்களில் உங்கள் கண் எதைத் தொடர்ந்து பார்க்கிறது, எதைத் தொடர்ந்து தவறவிடுகிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் 78 கார்டும் சொல்லாது. அதற்கு அவரிடமே கேட்டாக வேண்டும்.