வடைக்கும் காபிக்கும் நடுவே ஏதோ இருக்கிறதாம்!

ஷ்ஷ்... கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். புள்ளியியல் தேர்வுக்குக் கேள்வி எழுதுபவர்களின் மேசை இது. "கீழ்க்கண்ட கூட்டு நிகழ்தகவு அட்டவணையிலிருந்து விளிம்புப் பரவல்களைக் காண்க, X, Y ஒன்றையொன்று சாராதவையா எனச் சோதிக்க" என்று ஒரு கேள்வி வருடாவருடம் வருமே, அது சமைக்கப்படும் இடம். அட்டவணையில் இருக்கும் எண்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. உள்ளே நடக்கும் தில்லுமுல்லைப் பார்த்தால் சிரிப்பு வரும்!

சமையல் தலைகீழாக நடக்கிறது என்பதுதான் முதல் ரகசியம். மாணவர் அட்டவணையிலிருந்து விளிம்புக்குப் போகிறார்; கேள்வி எழுதுபவரோ விளிம்பில் தொடங்குகிறார். ஒரு கற்பனை ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். X என்பது ஒரு வாடிக்கையாளர் சாப்பிடும் வடைகள், Y என்பது அவர் குடிக்கும் காபிகள். இரண்டுமே 0, 1, 2 என்றுதான் இருக்கும். 100 பேரில் வடையே தொடாதவர் 20, ஒன்று சாப்பிடுபவர் 50, இரண்டு சாப்பிடுபவர் 30 என்று ஓரத்தில் எழுதுகிறார். காபிக்கு 30, 40, 30 என்று அடியில் எழுதுகிறார். நடுவில் ஒன்பது கட்டங்களும் காலி.

இனி பெருக்க வேண்டியதுதான். வடை 0, காபி 0 கட்டத்துக்கு 0.20 × 0.30 = 0.06, அதாவது 100-க்கு 6. இப்படியே எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால்:

| | காபி 0 | காபி 1 | காபி 2 | மொத்தம் |
|---|---|---|---|---|
| வடை 0 | 6 | 8 | 6 | 20 |
| வடை 1 | 15 | 20 | 15 | 50 |
| வடை 2 | 9 | 12 | 9 | 30 |
| மொத்தம் | 30 | 40 | 30 | 100 |

ஒவ்வொரு வரிசையையும் சுருக்கிப் பாருங்கள். மூன்றுமே 3 : 4 : 3! ஒருவர் எத்தனை வடை சாப்பிட்டார் என்று தெரிந்தாலும், அவர் எத்தனை காபி குடிப்பார் என்பதைப் பற்றி ஒரு துளி கூடுதல் செய்தியும் கிடைக்காது. வடையும் காபியும் ஒரே படத்தில் நடித்தும் பேசிக்கொள்ளாத நட்சத்திரங்கள். சாராமை என்பது இவ்வளவுதான்.

ஆனால் இப்படியே கேள்வியில் போட்டால் என்ன சுவாரசியம்? கிசுகிசு வேண்டாமா! இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கைவேலை வருகிறது. நான்கு மூலைக் கட்டங்களைத் தொடுங்கள். மேல் இடது மூலையில் 3 கூட்டுங்கள், மேல் வலதில் 3 குறையுங்கள். கீழ் இடதில் 3 குறையுங்கள், கீழ் வலதில் 3 கூட்டுங்கள்.

| | காபி 0 | காபி 1 | காபி 2 | மொத்தம் |
|---|---|---|---|---|
| வடை 0 | 9 | 8 | 3 | 20 |
| வடை 1 | 15 | 20 | 15 | 50 |
| வடை 2 | 6 | 12 | 12 | 30 |
| மொத்தம் | 30 | 40 | 30 | 100 |

ஓரங்களைப் பாருங்கள், ஒரு எண் கூட அசையவில்லை! கூட்டியதும் குறைத்ததும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. உள்ளேயோ உறவு உண்டாகிவிட்டது: வடை தொடாதவர் காபியையும் தவிர்க்கிறார், இரண்டு வடைக்காரர் இரண்டு காபியும் கேட்கிறார். விளிம்பை மட்டும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பொறி எங்கே இருக்கிறது தெரியுமா? நட்டநடுவில். அவசரக்கார மாணவர் நடுக்கட்டத்தை எடுத்து 0.50 × 0.40 = 0.20 என்று சரிபார்த்து, "பொருந்துகிறது, ஆகவே சாராதவை" என்று எழுதிவிடுவார். நடு வரிசையும் நடு நிரலும் சேர்ந்து ஐந்து கட்டங்கள் இப்படிப் பொய்சாட்சி சொல்லும். மூலைகள் நான்கில்தான் குட்டு உடைகிறது: 0.20 × 0.30 = 0.06, கட்டத்தில் இருப்பதோ 0.09. சாராதவை என்று சொல்ல எல்லாக் கட்டமும் பொருந்தியாக வேண்டும். இல்லை என்று சொல்ல ஒரே ஒரு கட்டம் போதும். அதனால்தான் அட்டவணையில் பூஜ்யம் போடுவதைக் கேள்வி எழுதுபவர்கள் தவிர்ப்பார்கள். வரிசையின் மொத்தமும் நிரலின் மொத்தமும் பூஜ்யமாக இல்லாதபோது நடுவில் ஒரு 0 தெரிந்தால், பெருக்கிப் பார்க்காமலே விடை தெரிந்துவிடும்!

இன்னும் குறும்பான சமையல் ஒன்று உண்டு. இம்முறை முதல் அட்டவணைக்கே திரும்பி, மேல் வரிசையில் +3, −6, +3. கீழ் வரிசையில் −3, +6, −3. மேல் வரிசை 9, 2, 9 ஆகிறது. கீழ் வரிசை 6, 18, 6. நடு வரிசையைத் தொடவில்லை, ஓரங்களும் பழையபடியே. உடன்மாறுபாட்டைக் கணக்கிடுவோம். வடையின் சராசரி 1.1, காபியின் சராசரி 1. இரண்டின் பெருக்கலுக்குச் சராசரி 0.20 + 0.30 + 0.36 + 0.24 = 1.10. ஆக உடன்மாறுபாடு 1.10 − 1.1 × 1 = 0. சுத்த பூஜ்யம்! "உறவே இல்லை" என்று பேனாவை மூடத் தோன்றும். ஆனால் வடை 0, காபி 1 கட்டத்தில் 0.08 இருக்க வேண்டிய இடத்தில் 0.02 உட்கார்ந்திருக்கிறது. வடை தொடாதவர் காபியே குடிக்காமல் போகிறார், இல்லையென்றால் இரண்டாகக் குடிக்கிறார். இரண்டு வடைக்காரர் பெரும்பாலும் ஒரே காபியோடு நிற்கிறார். நேர்கோட்டில் ஏறுவது, இறங்குவது மட்டும்தான் உடன்மாறுபாட்டின் கண்ணுக்குத் தெரியும். இந்த வளைந்த உறவு அதற்குப் புலப்படாது.

இதுவரை பார்த்தது நிகழ்தகவு முழுதாகக் கையில் தரப்பட்ட அட்டவணை. நிஜமாகவே ஹோட்டல் வாசலில் நின்று 100 பேரை எண்ணினால் கதை மாறும். உறவே இல்லாவிட்டாலும் எண்கள் கச்சிதமாகப் பொருந்தா. தற்செயலாகக் கொஞ்சம் அங்கே இங்கே நகரும். எவ்வளவு நகர்ந்தால் சந்தேகப்படலாம் என்பதற்குக் கார்ல் பியர்சன் 1900-இல் கை-வர்க்கச் சோதனையைத் தந்தார்: ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எதோடு ஒப்பிடுவது என்பதில் அவருக்கு ஒரு சறுக்கல். ஒன்பது கட்டம் என்றால் எட்டுச் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டார். 1922-இல் ஃபிஷர் திருத்தினார். ஓரங்களைத் தரவிலிருந்தே எடுத்துக்கொண்டால் நம் விருப்பப்படி நிரப்ப நான்கு கட்டங்கள்தான் மிஞ்சும், மற்றவை தாமே நிரம்பிவிடும். சந்தேகமானால் மேலே உள்ள அட்டவணையில் இடது மேல் நான்கு கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஓரங்களிலிருந்து மீட்டுப் பாருங்கள்!

நான்கு சுதந்திரத்துக்கு 5 சதவீத அளவில் எல்லை 9.49. முதல் தில்லுமுல்லு அட்டவணையை நிஜமாகவே 100 பேரிடம் எண்ணியதாக வைத்தால் 9/6 + 9/6 + 9/9 + 9/9 = 5 மட்டுமே வருகிறது. தப்பித்துவிட்டது! அதே விகிதத்தில் 200 பேர் என்றால் 10, மாட்டிக்கொண்டது. உடன்மாறுபாட்டை ஏமாற்றிய இரண்டாவது அட்டவணையோ 100 பேரிலேயே 12.5 காட்டிப் பிடிபட்டுவிடுகிறது.