முன்பின் தெரியாத பேராசிரியருக்கு ஒரு மடல்

போன டிசம்பரில் என் மாணவி ஒருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தாள். தாவரவியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். ஒருவரும் பதில் போடவில்லை. "என் மார்க் போதாதா மேடம்?" என்றாள்.

அனுப்பியதை வாங்கிப் படித்தேன். மார்க் நன்றாகவே இருந்தது. ஆனால் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கிய மடல் பெண் பேராசிரியர்களுக்கும் அப்படியே போயிருந்தது. பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் சற்றுப் பெரிதாக நின்றதால், வெட்டி ஒட்டியது பார்த்ததுமே தெரிந்தது. 'உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் நடக்கும் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்ற வரி நாற்பது பேருக்கும் பொருந்தும். அதனாலேயே ஒருவரையும் தொடாது.

பேராசிரியரின் பக்கத்திலிருந்து பாருங்கள். வரும் மாணவர் தங்குவது எட்டு வாரம். அதில் முதல் இரண்டு, மூன்று வாரம் கருவிகளைப் பழகவே போய்விடும். பழக்குபவர் பேராசிரியர் அல்ல. தன் சொந்த ஆய்வை ஒத்திவைத்துவிட்டு வரும் பிஎச்டி மாணவர் ஒருவர். அவருடைய நேரத்தை இந்தப் பெண்ணுக்காகச் செலவிடலாமா என்பதுதான் கேள்வி. இதற்கு மதிப்பெண் பட்டியலில் பதில் இல்லை.

நாற்பதை விட்டுவிட்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஒரே ஒரு கட்டுரை. முதலில் சுருக்கம், பிறகு படங்கள், அதன்பின் செய்முறைப் பகுதி. புள்ளியியல் புரியாவிட்டால் தாண்டிப் போகலாம். செய்முறையை மட்டும் தாண்டக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் கைகள் அன்றாடம் என்ன செய்கின்றன என்பது அங்கேதான் எழுதியிருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவியால் நேர்மையாகக் கேள்வி கேட்க முடிந்த இடமும் அதுதான்.

அவள் எடுத்த ஒரு கட்டுரை சாலையோர மரங்களின் இலைத்துளைகளைப் பற்றியது. இலை மூச்சுவிடும் இந்த நுண்துளைகளை இலையின் நடுப்பகுதியில் எண்ணியதாகச் செய்முறையில் இருந்தது. நுனியிலும் காம்போரத்திலும் எண்ணினால் அதே கணக்கு வருமா என்று அவளுக்குச் சந்தேகம். கல்லூரி வாசலில் புங்க மரம் நிற்கிறது. சிற்றிலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷைப் பூசி, காயவிட்டு, செல்லோ டேப்பால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் எண்ணினாள். பத்துச் சிற்றிலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்கள். மூன்று இடத்துக் கணக்கும் ஒத்துவரவில்லை.

மடல் தானாகவே சுருங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"வணக்கம். நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சாலையோர மரங்களின் இலைத்துளைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் இலையின் நடுவில் எண்ணியிருக்கிறீர்கள். எங்கள் கல்லூரிப் புங்க மரத்தில் பத்துச் சிற்றிலைகளில் எண்ணிப் பார்த்தேன்; நுனியிலும் காம்போரத்திலும் எண்ணிக்கை மாறுகிறது. நடுப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டா? அச்செடுக்கவும் நுண்ணோக்கியில் எண்ணவும் தெரியும். புள்ளியியல் மென்பொருள் தெரியாது. மே நடுவிலிருந்து எட்டு வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வாய்ப்பு உண்டா? தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன். ஒரு பக்கத் தன்விவரம் இணைத்துள்ளேன்."

தெரியாததைத் தெரியாது என்று எழுத அவள் தயங்கினாள். அந்த வரியை எடுக்க நான் விடவில்லை. எல்லாம் தெரியும் என்பவரை நம்பி நுண்ணோக்கியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. தலைப்பில் 'இன்டர்ன்ஷிப் வேண்டி' என்று மட்டும் போடாமல் ஆண்டு, பாடம், மாதம் மூன்றையும் எழுதினாள். அனுப்புமுன் ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். மாணவர்கள் எப்படி எழுத வேண்டும் என்று சிலர் அங்கே குறிப்பிட்டிருப்பார்கள்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அதே மடலின் கீழேயே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினாள். அதற்குப் பின்னும் மௌனம் என்றால் அத்துடன் விட்டுவிடுவதே மரியாதை.

ஒருவர் இடமில்லை என்று எழுதினார். இன்னொருவர், மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். இதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். அந்த வழியில் உதவித்தொகையும் உண்டு. ஆனால் விண்ணப்பக் கெடு கோடைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். எங்களுக்கு அந்த ஆண்டு தாமதமாகிவிட்டது.

இலைத்துளைக் கட்டுரை எழுதியவர் தொலைபேசியில் அழைத்தார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நெயில் பாலிஷை எத்தனை நிமிஷம் காய விட்டீங்க?" என்றுதான் தொடங்கினார். சரியாகக் காயாமல் உரித்தால் அச்சு இழுபட்டுத் துளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதல் நாள் எடுத்த நான்கு அச்சு அப்படித்தான் கெட்டுப்போயிற்று என்று அவள் சொன்னாள். அதன்பிறகு இருபது நிமிடம் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.