ஒரு குடும்பம் அசைத்த கோடு

சாக்சனி நாட்டின் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கெல், 1857-இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைகிறது என்று அவர் கண்டது இன்றும் பொருளியலில் எங்கெல் விதி என்று வழங்குகிறது. அந்தக் கணக்குகளில் 235 குடும்பங்களின் ஆண்டு வருமானமும் உணவுச் செலவும் R மென்பொருளின் `quantreg` தொகுப்பில் `engel` என்ற பெயரில் கிடைக்கின்றன. புள்ளிவிவரங்களுக்கு நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டு, அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் அமைவது அரிது.

முதலில் கோடு. ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக வையுங்கள். படுக்கை அச்சில் வருமானம், செங்குத்து அச்சில் உணவுச் செலவு. புள்ளிகளுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி கோடு போடுவதுதான் வழக்கமான தொடர்புப் போக்கு முறை. அப்படிப் போட்டால், உணவுச் செலவு = 147.5 + 0.485 × வருமானம் என்று வருகிறது. கூடுதலாக 100 ஃபிராங்க் சம்பாதிக்கும் குடும்பம் அதில் சராசரியாக 48.5 ஃபிராங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிறது என்று பொருள்.

இந்த 0.485 என்ற சாய்வு எவ்வளவு உறுதியானது? வேறு 235 குடும்பங்களிடம் கேட்டிருந்தால் சற்றே வேறு எண் வந்திருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் திட்டப் பிழை. மென்பொருள் இங்கே 0.0144 என்று சொல்கிறது. அதை ஏறத்தாழ இரண்டால் பெருக்கி இரு பக்கமும் நீட்டினால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.457 முதல் 0.513 வரை அமைகிறது. பார்க்கத் துல்லியமான முடிவு.

ஆனால் அந்த 0.0144 ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் உண்மையான செலவிலிருந்து கோடு சொல்லும் செலவைக் கழித்தால் கிடைப்பது எச்சம். கோட்டுக்கு மேலே இருந்தால் அது நேர் எண், கீழே இருந்தால் எதிர் எண். ஏழைக் குடும்பமானாலும் வசதியான குடும்பமானாலும் எச்சங்கள் ஒரே அளவில்தான் சிதறும் என்று வழக்கமான சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தரவில் அந்தப் பொதுச் சிதறல் 114 ஃபிராங்க். எல்லாக் குடும்பத்துக்கும் அதே 114.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா? ஆண்டுக்கு 500 ஃபிராங்க் வரும் வீட்டில் கோடு எதிர்பார்க்கும் உணவுச் செலவு 390. கடன் வாங்காமல் அந்தக் குடும்பம் எவ்வளவுதான் கூடுதலாகச் சாப்பிட்டாலும் 500-ஐத் தாண்ட முடியாது. மிகவும் குறைக்கவும் வழியில்லை, உயிர் வாழ வேண்டும். 2,500 ஃபிராங்க் வரும் வீட்டிலோ எதிர்பார்ப்பு 1,360. அவர்கள் விருந்து வைத்து அதைவிடப் பல நூறு ஃபிராங்க் கூட்டலாம், சிக்கனமாக இருந்து பல நூறு குறைக்கலாம். வருமானம் ஏற ஏற விருப்பத்துக்கு இடம் விரிகிறது, சிதறலும் அதோடு விரிகிறது. இப்படிச் சிதறல் இடத்துக்கு இடம் மாறுவதைத்தான் ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி என்கிறார்கள். சீரற்ற சிதறல் என்று சொல்லிக்கொள்வோம்.

இதைக் கண்டுபிடிக்க முதல் கருவி எச்ச வரைபடம். படுக்கை அச்சில் கோடு கணித்த மதிப்பையும் செங்குத்து அச்சில் எச்சத்தையும் வைத்துப் புள்ளிகளை இடுவார்கள். சுழி மட்டத்தில் ஒரு கிடைக்கோடு. சிதறல் சீராக இருந்தால் புள்ளிகள் அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே அகலப் பட்டையாகப் படியும். எங்கெல் தரவில் அப்படிப் படிவதில்லை. இடது ஓரத்தில் புள்ளிகள் சுழிக் கோட்டை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. வலப்பக்கம் போகப் போக மேலும் கீழும் அகன்று புனல் வடிவம் எடுக்கின்றன. எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேரின் எச்சம் −60-க்கும் +53-க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. ஆனால் வலக்கோடியில் ஒரு குடும்பத்தின் எச்சம் +516, இன்னொன்றின் எச்சம் −726.

இங்கே கண் ஏமாறவும் இடம் உண்டு. ஒரு பகுதியில் புள்ளிகள் அதிகமாக இருந்தால், சிதறல் அதேதான் என்றாலும், தற்செயலாகத் தொலைவில் விழும் புள்ளிகளும் அங்கே அதிகம் இருக்கும். பட்டை அகலமாகத் தெரியும். ஆகவே வரைபடத்தைச் செங்குத்தாகச் சம எண்ணிக்கையுள்ள பகுதிகளாகப் பிரித்து அகலங்களை ஒப்பிடுவதே சரி. எங்கெல் தரவில் கூட்டம் இடப்பக்கம்தான். பாதிக் குடும்பங்களின் வருமானம் 884 ஃபிராங்குக்குக் கீழே இருக்க, உச்ச வருமானமோ 4,958. கூட்டம் மிகுந்த பக்கம் குறுகியும் ஆள் குறைந்த பக்கம் அகன்றும் இருப்பதால், இந்தப் புனல் கண்ணின் மயக்கம் இல்லை.

இன்னொன்றையும் அதே படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையின் அகலம் மாறுகிறதா, அல்லது பட்டையின் நடுவே வளைகிறதா? நடு வளைந்தால் கோட்டின் வடிவமே தவறு. அதைத் திட்டப் பிழையைத் திருத்திச் சரிசெய்ய முடியாது. எண்ணால் உறுதிசெய்ய விரும்புவோர் 1979-இல் வந்த புரூஷ்–பேகன் சோதனையை நாடலாம். எச்சங்களின் வர்க்கம் வருமானத்தோடு சேர்ந்து ஏறுகிறதா என்று அது பார்க்கிறது. சிதறல் சீரற்றது என்று சோதனை சொல்லும், ஆனால் புனலா வளைவா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குப் படம்தான் வேண்டும்.

புனலைக் கண்டாயிற்று. அதனால் என்ன கெடுகிறது? கோட்டின் வடிவம் சரியாக இருக்கும் வரை 0.485 என்ற மதிப்பீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாது. கெடுவது 0.0144 என்ற திட்டப் பிழை. எப்படிக் கெடுகிறது என்பதை மிக வசதியான அந்த ஒரு குடும்பத்தை வைத்தே காட்டலாம்.

அவர்களின் வருமானம் 4,958 ஃபிராங்க். கோட்டின்படி உணவுக்கு 2,553 ஆகியிருக்க வேண்டும். உண்மையில் செலவழித்தது 1,827. வித்தியாசம்தான் −726. சாய்வை நிர்ணயிப்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எடை உண்டு. சராசரி வருமானத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு எடை. சராசரி 982 என்பதால் இந்தக் குடும்பம் 3,975 ஃபிராங்க் தள்ளி நிற்கிறது. 235 குடும்பங்களின் விலகல்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் சுமார் 6.3 கோடி. 3,975-ஐ அதால் வகுத்தால் இந்தக் குடும்பத்தின் எடை 0.000063.

இந்த எடையைச் சிதறலால் பெருக்கினால், சாய்வின் திட்டப் பிழைக்கு இந்தக் குடும்பம் தரும் பங்கு கிடைக்கும். வழக்கமான சூத்திரம் எல்லாருக்கும் கொடுக்கும் 114-ஐ வைத்தால் பங்கு 0.007. குடும்பத்தின் சொந்த எச்சமான 726-ஐ வைத்தால் 0.046. சூத்திரம் 235 குடும்பத்துக்கும் சேர்த்துச் சொன்ன 0.0144-ஐப் போல மூன்று மடங்கு இந்த ஒரு வீட்டிலிருந்தே வந்துவிடுகிறது.

இப்போது நாம் செய்த கணக்குதான் திருத்தம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொதுச் சிதறலுக்குப் பதில் அதன் சொந்த எச்சத்தை வைத்து, பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஐக்கரும் ஹ்யூபரும் 1960-களில் போட்ட அடித்தளத்தில், ஹால்பர்ட் வைட் 1980-இல் இதைப் பொருளியலாளர்கள் கைக்குக் கொண்டுவந்தார். சிதறல் எந்த வடிவில் மாறுகிறது என்று முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை என்பதே இதன் பலம். எங்கெல் தரவில் இப்படிக் கணக்கிட்டால் திட்டப் பிழை சுமார் 0.05. இடைவெளி ஏறத்தாழ 0.39 முதல் 0.58 வரை விரிகிறது. கோடு மாறவில்லை, அதைச் சொல்லும் உறுதி மட்டும் அளவுக்கு வந்திருக்கிறது.

வைட் முறைக்கும் ஒரு குறை உண்டு. தொலைவில் தனித்து நிற்கும் புள்ளி கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் அதன் எச்சம் உண்மையில் இருக்க வேண்டியதைவிடச் சிறிதாகத் தெரியும். மெக்கின்னனும் வைட்டும் 1985-இல் அலசிய HC3 என்ற வகை, அந்த இழுப்புக்கு ஏற்ப எச்சத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறது. நமது குடும்பத்தின் இழுப்பு 0.255. 0.046-ஐ 1 − 0.255 ஆல் வகுத்தால் பங்கு சுமார் 0.0615 ஆகிறது. 250-க்கு மேற்படாத தரவுகளுக்கு HC3-ஐயே பயன்படுத்தச் சொல்லி லாங், எர்வின் இருவரும் 2000-இல் பரிந்துரைத்தார்கள். R மென்பொருளில் இவ்வளவுதான்:

```
library(quantreg); library(sandwich); library(lmtest)
data(engel)
m <- lm(foodexp ~ income, data = engel)
plot(fitted(m), resid(m)); abline(h = 0)
coeftest(m, vcov = vcovHC(m, type = "HC3"))
```

அந்த 0.0615-க்கு நேரடியான பொருள் ஒன்று உண்டு. அந்தக் குடும்பத்தைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் கோடு போட்டால், சாய்வு சரியாக அவ்வளவு ஏறி 0.547 ஆகிறது. வழக்கமான சூத்திரம் 0.513-க்கு மேல் போகாது என்று நம்பச் சொன்ன இடைவெளியை, 235-இல் ஒரு வீட்டை எடுத்ததுமே சாய்வு தாண்டிவிட்டது. திருத்திய இடைவெளிக்குள் அது அடங்குகிறது. எது நேர்மையான இடைவெளி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்த வீட்டை நீக்கிவிடுவது தீர்வாகாது. அவர்கள் உண்மையில் அப்படிச் சாப்பிட்டவர்கள். அவர்களின் −726 ஒருவேளை சிதறலாக இல்லாமல், வருமானம் ஏறும்போது உணவுச் செலவு மெல்லத் தளர்வதைக் காட்டுவதாகவும் இருக்கலாம். எங்கெல் விதி சொல்வதும் அந்தத் திசையில்தான். அப்படியானால் வருமானம், செலவு இரண்டையும் மடக்கையாக மாற்றிக் கோடு போட்டுப் பார்க்கலாம். புனல் பெருமளவு ஒடுங்கும், வலக்கோடிப் புள்ளியின் இழுப்பும் குறையும். ஆனால் சாய்வின் பொருள் மாறிவிடும்: வருமானம் ஒரு சதவீதம் ஏறினால் உணவுச் செலவு எத்தனை சதவீதம் ஏறும் என்பதையே அது சொல்லும்.

ஆகவே முடிவெடுக்கும் வரிசை இது. கேள்வி ஃபிராங்கைப் பற்றியதா, சதவீதத்தைப் பற்றியதா என்று முதலில் தீர்மானித்துக் கோடு போடுங்கள். எச்ச வரைபடத்தில் நடு வளைந்திருந்தால் வடிவத்தை மாற்றுங்கள். நடு நேராக இருந்து அகலம் மட்டும் மாறினால் கோட்டை விட்டுவிட்டுத் திட்டப் பிழையை HC3-ஆல் திருத்துங்கள். திருத்தியதும் திருத்தாததும் மூன்று மடங்கு வேறுபட்டால், அந்த வேறுபாடு எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று தேடி, அது இருக்கும்போதும் இல்லாதபோதும் வரும் சாய்வுகள் இரண்டையும் வெளியிடுங்கள். எங்கெல் தரவுக்கு அவை 0.485-உம் 0.547-உம்.